பெரிய கறுப்புப் பரப்பு அச்சில் வெளிறுவது ஏன்?

"தமிழ்மொழி விழாவுக்கான எங்கள் ஏ2 நாடகச் சுவரொட்டியின் கறுப்புப் பின்னணி திரையில் நன்றாக இருந்தது. ஆப்செட் அச்சில் சாம்பல் பூத்ததுபோல் வந்துவிட்டது. நடிகர் படத்தைச் சுற்றி ஒரு கட்டமும் தெரிகிறது. என்ன காரணம்?"

பின்னணிக்கு K100, அதாவது 100% கறுப்பு மை மட்டும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆப்செட்டில் தாள்மேல் படியும் மைப்படலத்தின் தடிமன் ஏறத்தாழ 1 மைக்ரான்தான். அதனூடே புகும் ஒளியில் ஒரு பகுதி வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மை சரியாகப் படியாத ஊசிமுனை இடைவெளிகளும் அதற்குத் துணைபோகின்றன. எழுத்தின் மெல்லிய கோடுகளில் இந்தக் குறை தெரிவதில்லை. ஆனால், சமூக மன்ற அறிவிப்புப் பலகையில் விளக்கொளிக்கு நேரே நிற்கும் ஏ2 பரப்பில் அது மறையவே மறையாது.

கறுப்போடு சியான் (C), மெஜந்தா (M), மஞ்சள் (Y) ஆகிய மற்ற மூன்று மைகளையும் சேர்த்து அச்சிடுவதே ரிச் பிளாக். பொதுவாகக் கையாளப்படும் கலவை C60 M40 Y40 K100. மொத்த மை 240%. மூன்று மைகளையும் சம அளவில் வைத்தால் பழுப்புச் சாயல் ஏறும் என்பதால்தான் சியானைக் கூட்டிவைக்கிறோம்.

உங்கள் கட்டத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு கறுப்புகள் அருகருகே நிற்பது. போட்டோஷாப்பில் ஆர்ஜிபி படத்தை U.S. Web Coated (SWOP) v2 வண்ண அமைப்புக்கு மாற்றினால், முழுக் கறுப்பு ஏறத்தாழ C75 M68 Y67 K90 ஆகிவிடும். உங்கள் பின்னணியோ ஒற்றை மை. இன்டிசைன் இயல்பாகவே இரண்டையும் ஒரே அடர்த்தியில் காட்டுவதால் திரையில் அது கண்ணில் படவில்லை. Preferences-இல் Appearance of Black பகுதிக்குப் போய் Display All Blacks Accurately என்று மாற்றுங்கள். கட்டம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு Separations Preview-ஐத் திறந்து, படத்தின் விளிம்பில் சுட்டியை வைத்து நான்கு மைகளின் அளவையும் படித்து, அதே அளவுகளைப் பின்னணிக்கும் கொடுங்கள்.

ஆனால், அந்தக் கலவையின் மொத்தம் 300%. பூச்சுள்ள தாள் பெரும்பாலும் இதைத் தாங்கும். மையை உறிஞ்சும் பூச்சில்லாத தாளில் மை காயத் தாமதமாகி, அடுக்கில் மேலே விழும் தாளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே, எந்தத் தாளுக்கு எவ்வளவு மை வரம்பு என்று அச்சகத்தாரிடம் கேட்ட பிறகே எண்களை முடிவு செய்யுங்கள். வரம்பு குறைவென்றால், படத்தையும் அந்த அச்சகம் தரும் வண்ண அமைப்பில் மறுபடி மாற்றி, விளிம்பின் அளவுகளைப் புதிதாகப் படியுங்கள்.

வெள்ளைத் தாளில் வரும் சிறிய கறுப்பு எழுத்துகளுக்கு மட்டும் K100-ஐ மாற்ற வேண்டாம். நான்கு தட்டுகளில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் விலகினாலும் எழுத்தோரத்தில் நிறக்கீற்று எட்டிப்பார்க்கும். கறுப்பின் நடுவே வெள்ளையாக விடப்படும் எழுத்துகளில் பாதிப்பு இன்னும் அதிகம்: ணகரத்தின் சுழிகளும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் மையால் அடைபட்டுவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால், எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சியானோ மெஜந்தாவோ மெல்லிய கோடாகத் தெரியும். நடிகர் பட்டியல் போன்ற சிறிய வரிகளைத் தடித்த எழுத்துருவில், சற்றே பெரிய அளவில் அமையுங்கள். இடம் போதாவிட்டால், அந்த வரிகளைப் பின்னணியிலிருந்து வெளியே எடுத்து, வெள்ளைப் பட்டையில் K100-இல் வையுங்கள்.