நெல் கொள்வனவுக் கட்டுப்பாட்டைக் கணக்காய்வாளர் சோதிப்பது எப்படி?

கேள்வி: சம்மாந்துறையில் எங்கள் அரிசி ஆலைக் கம்பனியின் ஆண்டறிக்கைக்காக வரும் கணக்காய்வாளர், நெல் வாங்கும் கட்டுப்பாடுகள் சரியா என்று எப்படிப் பார்ப்பார்?

முதலில் வடிவமைப்பு. ஒரு லொறி நெல்லைத் தெரிந்தெடுத்து, தராசுச் சீட்டிலிருந்து காசோலை வரை அதன் தடத்தைப் பின்தொடர்வார். நிறுப்பவரே கொடுப்பனவுக்கும் ஒப்புதல் தரலாம் என்றால் வடிவமைப்பே பிழை. அப்புறம் அது ஒழுங்காக நடந்ததா என்று சோதித்துப் பயனில்லை.

வடிவமைப்பு சரி என்றால், ஆண்டு முழுவதிலிருந்தும் மாதிரி எடுப்பார். தினமும் பலமுறை நடக்கும் கட்டுப்பாட்டுக்குப் பெரும்பாலும் 25 அல்லது அதற்கு மேல். பெரும்போக அறுவடை நெரிசலும் அதில் அடங்கவேண்டும், தவறுவது அப்போதுதான். கையொப்பம் மட்டும் போதாது. சீட்டில் 4,850 கிலோ, விலைப்பட்டியலில் 5,850 கிலோ, இரண்டிலும் முகாமையாளரின் கையொப்பம் என்றால், அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பின்னர் யாரோ திருத்தியிருந்தாலும் அது விலகல்தான். காரணத்தை விசாரித்து, மீண்டும் நடக்கக்கூடியது என்று தெரிந்தால், கட்டுப்பாட்டை நம்பாமல் கொள்வனவுகளையே கூடுதலாகச் சரிபார்ப்பார்.