மீட்டர் 1.3 காட்டுகிறது, ஆனால் குரல் போகவில்லை

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கானாடுகாத்தானில். ஹாம் ரேடியோ முகப்பு அறையில் இருக்கிறது, நானே செய்த ஆண்டெனா பின்கட்டு மாடியில். நடுவில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் வளவைத் தாண்டிப் போகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் 40 வாட் கொடுக்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 காட்டுகிறது. ஆனாலும் புதுக்கோட்டை நண்பருக்கு என் குரல் இரைச்சலோடுதான் கேட்கிறது. ரேடியோவில் கோளாறா?

பதில்: ரேடியோவை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். எனக்குச் சந்தேகம் அந்த 1.3 மேல்தான். உங்கள் கேபிளுக்கு அது நம்ப முடியாத அளவுக்கு நல்ல எண்.

உங்கள் ஊர் ஊருணியில் ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். அலை செங்குத்தான சுவரில் மோதினால் திரும்பி வரும். போகிற அலையும் வருகிற அலையும் சேருமிடத்தில் தண்ணீர் சில இடங்களில் நன்றாக எழும்பித் தாழும், சில இடங்களில் அசையாமல் நிற்கும். கேபிளுக்குள்ளும் இதே கதைதான். அதிக மின்னழுத்தம் உள்ள இடத்துக்கும் குறைந்த இடத்துக்கும் உள்ள விகிதமே நிலை அலை விகிதம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர்.

உங்கள் கேபிள் 50 ஓம் என்கிறார்களே, அதை மல்டிமீட்டரில் அளக்க முடியாது. கேபிளில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் அது. ஆண்டெனாவும் 50 ஓமாக இருந்தால், அலைக்குக் கேபிள் முடிந்ததே தெரியாது, முழுவதும் உள்ளே போய்விடும். ஆண்டெனா 150 ஓம் என்றால் விகிதம் 3. வந்த சக்தியில் கால் பங்கு திரும்பிவிடும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஆர்ஜி-58 மெல்லிய கேபிள். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்குச் சுமார் 6 டெசிபல் இழப்பு. அதாவது நாலில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும், மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகும். நீங்கள் கொடுத்த 40 வாட்டில் மாடிக்குப் போவது 10 வாட். ஆண்டெனாவில் விகிதம் 3 என்று வைத்துக்கொண்டால் 2.5 வாட் திரும்பும், வானத்துக்குப் போவது 7.5 வாட். திரும்பிய 2.5 வாட்டும் அதே கேபிளில்தானே இறங்கி வர வேண்டும்? அதிலும் முக்கால் பங்கு போய், மீட்டருக்கு வருவது 0.6 வாட். போனது 40, வந்தது 0.6 என்றால் மீட்டர் என்ன சொல்லும்? 1.3! மீட்டர் பொய் சொல்லவில்லை, தனக்கு வந்ததைச் சொல்கிறது. கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு அழகான எண்.

இதைச் சோதிப்பது எளிது. ரேடியோவைக் குறைந்த சக்தியில், 5 வாட்டில் வையுங்கள். மாடியில் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையைத் திறந்தபடி விட்டு ஓரிரு நொடி மட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இழப்பில்லாத கேபிளாக இருந்தால் முள் கடைசிக்கே ஓடும். உங்களுடையது 1.7 பக்கத்தில் நின்றால், ஆண்டெனாவே இல்லாமல் மீட்டர் 'பரவாயில்லை' என்கிறது என்று பொருள். 1.7-ஐவிடவும் குறைவாகக் காட்டினால் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மாடி முனையில் ஒரு சாண் வெட்டி உறையை உரியுங்கள். உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் செம்பு நிறத்திலோ, ஈயம் பூசியதாக இருந்தால் வெள்ளி நிறத்திலோ பளபளக்க வேண்டும், கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் அந்தக் கேபிள் அவ்வளவுதான். வளவில் வெயிலும் மழையும் பட்ட இடத்தில் உறை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு யோசனை. ரேடியோவைப் பின்கட்டுக்கே மாற்றினால் 8 மீட்டர் போதுமே? அந்தத் தூரத்துக்கு நல்ல ஆர்ஜி-58 இருந்தாலே இழப்பு 1.6 டெசிபல்தான், 40-ல் 27 வாட்டுக்கு மேல் மாடிக்குப் போகும். முகப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் எல்எம்ஆர்-400 வகைத் தடித்த கேபிள் வாங்குங்கள். 30 மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 டெசிபல். விலைதான் கடிக்கும்.

எதைச் செய்தாலும் மீட்டர் 1.3-லிருந்து 2-க்கு மேல் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து பழைய கேபிளைத் திரும்பப் போட்டவரை எனக்குத் தெரியும்! இப்போதுதான் மீட்டர் ஆண்டெனாவைப் பார்க்கிறது. இனி ஆண்டெனாவைச் சரிசெய்யலாம். கால் அலை நீள ஆண்டெனா என்றால் நிற்கும் கம்பி சுமார் 49 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கீழ்க் கம்பிகள் கிடையாக நீட்டியிருந்தால் 36 ஓம் பக்கம்தான் வரும். அவற்றை 45 பாகை கீழே சாய்த்தால் 50-ஐ நெருங்கும். நிற்கும் கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, ஒவ்வொரு தடவையும் 2, 3 மில்லிமீட்டர் வெட்டி அளந்து பாருங்கள். 1.5 வந்தால் போதும், அதில் திரும்புவது 4 சதவீதம்தான். 1.1 வரவேண்டும் என்று ஏணியில் ஏறி இறங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.