பல் பிடுங்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தலாமா?

"அப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு. பல் பிடுங்கணும்னு நேற்றிலிருந்து வார்ஃபரினை அவராகவே நிறுத்திட்டார். எப்போ திரும்பத் தொடங்கலாம்?"

இன்றே அவருடைய இதய மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

வார்ஃபரின் வேலை அடங்கச் சுமார் 5 நாள் ஆகும். திரும்பத் தொடங்கினாலும் முழுப் பலன் வரப் பல நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம். பல் குழியில் கசியும் ரத்தத்தையோ துணி வைத்துக் கடித்து, தையல் போட்டுப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அதனால்தான் முந்தைய நாள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து, 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஓரிரு பல்லை எடுப்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு அது பொருந்துமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். அப்புறம், வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.