ஷூலேஸ் முறையில் பரப்பளவு மைனஸில் வருகிறது

"மனையின் மூலைகள் மீட்டரில் (0,0), (12,8), (10,0), (2,6). ஷூலேஸ் போட்டால் -10 வருகிறது. மைனஸை விட்டுவிட்டு 10 ச.மீ. என்று எடுக்கலாமா?"

கூடாது, சரியான விடை 68 ச.மீ. மைனஸ் தப்பே இல்லை, கடிகாரச் சுற்றில் போனால் அப்படித்தான் வரும். சிக்கல் வரிசையில். நீங்கள் எழுதிய வரிசையிலேயே தாளில் கோடு போட்டுப் பாருங்கள்: இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டி, பட்டாம்பூச்சி மாதிரி வரும். அதன் இரு இறக்கைகளும் எதிரெதிர்க் குறியில் கழிந்துபோகின்றன.

எல்லையோடு நடக்கிற வரிசை (0,0), (10,0), (12,8), (2,6). ஒவ்வொரு ஜோடிக்கும் x₁y₂ − x₂y₁:

0 + 80 + (72 − 16) + 0 = 136, பாதி 68.

சரிபார்க்க, (0,0)–(12,8) மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்குங்கள்: 40 + 28.

கடைசி மூலையிலிருந்து முதல் மூலைக்குத் திரும்பும் ஜோடியையும் சேருங்கள். இங்கே முதல் மூலை (0,0) என்பதால் அது 0, விட்டாலும் தெரியாது. வேறு மனையில் மாட்டிக்கொள்வீர்கள்.