ஆன்டிபயாடிக்குக்குப் பின் வந்த பேதி: ஊசி மருந்தை ஏன் குடிக்கக் கொடுக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு வயது 68. நிமோனியா என்று காரைக்குடியில் சேர்த்து ஏழு நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் பேதி தொடங்கியது. நாளுக்கு எட்டு, பத்துத் தடவை. கடையில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், நிற்கவில்லை. திரும்பச் சேர்த்ததும் மலத்தைச் சோதித்து 'சி டிஃப்' என்கிறார்கள். ஆன்டிபயாடிக்கால் வந்ததற்கு மறுபடியும் ஆன்டிபயாடிக்கா? அதுவும் ஊசிக் குப்பியைத் தண்ணீரில் கலந்து குடிக்கத் தருகிறார்களே, அது சரியா? தனி அறையில் வைத்து, கூட இருக்கிற எங்களைக் கையுறை போடச் சொல்கிறார்கள். வீட்டில் தம்பி மகனுக்கு 2 வயது. பயமாக இருக்கிறது. (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்:

குடிக்கத் தருவது சரிதான். ஊசியாக ஏற்றியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அந்தக் குப்பியில் இருப்பது வான்கோமைசின். இதை வாயால் குடித்தால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளாது. ரத்தத்தில் கலக்காமல் நேரே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். ஆத்தாவின் நோய் இருப்பதும் அங்கேதான். இதையே நரம்பில் ஏற்றினால் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும், குடலுக்குள் வந்து சேராது. அதனால் இந்த நோய்க்கு வான்கோமைசினை நரம்பில் ஏற்றிப் பயனே இல்லை.

வான்கோமைசின் கேப்சூலாகவும் வருகிறது. அது கையில் இல்லாதபோது 500 மில்லிகிராம் குப்பியை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு வேளைக்கும் இரண்டரை மில்லி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொடுப்பார்கள். அது 125 மில்லிகிராம். நாளுக்கு நான்கு வேளை, மொத்தம் 10 நாள். ஒரு குப்பி ஒரு நாளைக்குக் கணக்காக இருக்கும். வாய்க்குக் கசக்கும். சர்க்கரைப் பாகு கொஞ்சம் கலந்து கொடுக்கலாமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள், கலக்கலாம்.

சரி, ஆன்டிபயாடிக்கால் வந்த வினைக்கு மறுபடி ஆன்டிபயாடிக் எதற்கு? நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா குடியிருக்கின்றன. கல்லீரலிலிருந்து வரும் பித்தத்தை அவை ஒருவகையாக மாற்றி வைக்கின்றன. அந்த மாறிய பித்தம் இருக்கும்வரை, சி டிஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் குடல் கிருமி தலையெடுக்க முடியாது. நிமோனியாவுக்குப் போட்ட ஊசி, நெஞ்சில் இருந்த கிருமியோடு குடலில் இருந்த இந்த நல்லவற்றையும் அழித்துவிட்டது. செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், கிளிண்டாமைசின், அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை இவற்றில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். மருந்து சாப்பிடும் நாட்களிலும் முடித்த முதல் மாதத்திலும் ஆபத்து கூடுதல். மூன்று மாதம் வரைகூட இருக்கும்.

காலியான இடத்தில் சி டிஃப் முளைத்து, ஏ, பி என்று இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. அவைதான் குடலின் உள்சுவரைப் புண்ணாக்கிப் பேதியை உண்டாக்குகின்றன. முளைத்துவிட்ட கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும். நல்லவை திரும்பிக் குடியேறும் வரை காத்திருக்க ஆத்தாவின் உடம்பில் அவகாசம் இல்லை. முதலில் போட்ட ஆன்டிபயாடிக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்த முடியுமா என்று பார்ப்பதும் சிகிச்சையில் பாதி. உங்கள் ஆத்தாவுக்கு அது ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஃபிடாக்சோமைசின் என்று இன்னொரு மருந்து உண்டு. 200 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, அதுவும் 10 நாள். நல்ல பாக்டீரியாவை அது குறைவாகவே தொடுவதால் நோய் திரும்பி வருவதும் குறைவு. வாய்ப்பிருந்தால் அதையே முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் விலை மிக அதிகம். வான்கோமைசினும் நல்ல மருந்துதான், அதைக் கொடுக்கிறார்களே என்று மனம் தளர வேண்டாம். பலரும் கேட்கும் மெட்ரோனிடசோலை இப்போது லேசான நோய்க்கு, அதுவும் மற்ற இரண்டும் கிடைக்காதபோது மட்டும்தான் தனியாகக் கொடுக்கிறோம்.

பேதி நிறுத்தும் மாத்திரையை இனி தொடவே வேண்டாம். நச்சு வெளியேறாமல் குடலுக்குள்ளேயே தங்கிவிடும். இதை ஒட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் ஏமாந்துபோகிற இடம் இதுதான். பேதி மெதுவாகக் குறைந்து, மலம் கெட்டிப்பட்டு, பசி எடுத்தால் அது குணம். பேதி திடீரென்று நின்று, வயிறு மட்டும் ஊதி, தொட்டால் வலித்து, ஆள் சோர்ந்து கிடந்தால் குடல் அசைவற்றுப் போயிருக்கலாம். "அப்பாடா, நின்றுவிட்டது" என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் வான்கோமைசின் வேளைக்கு 500 மில்லிகிராமாகக் கூடும், மெட்ரோனிடசோலை நரம்பில் ஏற்றுவார்கள், அறுவை நிபுணரும் வந்து பார்க்க வேண்டியிருக்கும். நோய் எவ்வளவு தீவிரம் என்று தெரிந்துகொள்ள இரண்டு எண்களைக் கேளுங்கள். ரத்த வெள்ளணுக்கள் 15,000-ஐத் தொட்டாலும், கிரியாட்டினின் 1.5-க்கு மேல் போனாலும் தீவிரம் என்று கணக்கு.

மலச் சோதனையைப் பற்றியும் கொஞ்சம். ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போகிறவருக்கு, பேதியாக்கும் மருந்து எதுவும் கொடுக்காதிருக்கும்போது, இளகிய மலத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். முதலில் ஜி.டி.எச். என்ற புரதத்தையும் நச்சையும் பார்ப்பார்கள். கிருமி இருக்கிறதா என்பதை முதலாவது சொல்லும், அது நச்சைச் சுரக்கிறதா என்பதை இரண்டாவது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி.சி.ஆர். பார்ப்பது வழக்கம். சும்மா கிருமி குடலில் இருந்துவிட்டால் அது நோய் ஆகாது. 1935-ல் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டதே நோயில்லாத பச்சிளங்குழந்தைகளின் மலத்தில்தான். பெருங்குடல் புண்ணுக்கு இதுவே காரணம் என்று 1978-ல்தான் புரிந்தது. குணமான பிறகும் வாரக்கணக்கில் சோதனை பாசிட்டிவாக வரலாம். அதனால் ஆத்தாவுக்கு மலம் சரியாகிவிட்டால் மறுபடி சோதனை கேட்காதீர்கள். காசும் போகும், தேவையில்லாத மருந்தும் வரும்.

இனி தனி அறை, கையுறை. சி டிஃப் குடலுக்குள்ளேயே ஒரு கெட்டியான ஓட்டுக்குள் உறங்கிப்போய், மலத்தோடு வெளியே வரும். இதை ஸ்போர் என்கிறோம். காய்ந்த கண்மாயில் விதை மழைக்குக் காத்துக் கிடப்பதுபோல, கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். யாராவது தொட்டு, அந்தக் கையை வாயில் வைத்தால் உள்ளே போய் முளைக்கும். இந்த ஓட்டை சானிடைசரால் உடைக்க முடியாது.

இதை நான் பாடமாகப் படித்திருந்தும், கண்ணால் பார்த்தபோதுதான் மனதில் தைத்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், வார்டில் நான்காம் கட்டிலில் இருந்த பெரியவருக்கு சி டிஃப். கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் மாட்டியிருந்தது, எல்லோரும் ஒழுங்காகத் தேய்த்தார்கள். பத்து நாளில் ஆறாம் கட்டிலுக்கும் பேதி. அவர் சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக்கில் இருந்தவர். உட்கார்ந்து என்ன பொதுவாக இருந்தது என்று தேடினோம். சக்கரம் வைத்த மல நாற்காலி ஒன்றுதான். பெரியவர் பயன்படுத்தியதும் பினாயில் போட்டுத் துடைத்து அடுத்தவருக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பினாயிலும் ஸ்போரை ஒன்றும் செய்யாது. நாற்காலியைத் தனியாக்கி, கைக்குச் சோப்பு, தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின் என்று மாற்றினோம். அந்த வார்டில் அதற்கப்புறம் மூன்றாவது ஆள் வரவில்லை. ஆறாம் கட்டில் அம்மாவிடம் நான் பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே அங்கே சொல்வதை அப்படியே கேளுங்கள். ஆத்தாவைத் தொடும் முன் கையுறை, மேலங்கி. கழற்றிய பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தேய்த்துக் கழுவும்போது ஸ்போர் சாகாது, தண்ணீரோடு ஓடிவிடும். நமக்கு அதுவே போதும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். அந்த அறையில் இலை போடாதீர்கள், ஆத்தாவின் கட்டிலில் உட்காராதீர்கள், அவர் கழிவறையை நீங்கள் பயன்படுத்தாதீர்கள். பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரையாவது இந்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு, வளவு என்று வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை. அவர் போகும் கழிவறையும் அவர் கை படும் இடங்களும் போதும். முதலில் சோப்பால் அழுக்கை எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பவுடர் புதிதாக இருக்க வேண்டும், பிரித்து வைத்த பொட்டலத்தில் வீரியம் போய்விடும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். ஆத்தாவின் துணியைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள்.

தம்பி மகனைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஆன்டிபயாடிக் சாப்பிடாத, ஆரோக்கியமான பிள்ளையின் குடலில் இது தொற்றாக மாறுவது அரிது. கை கழுவிவிட்டுத் தூக்குங்கள், அவன் விளையாடும் தரையைச் சுத்தமாக வையுங்கள். வீட்டில் யாராவது ஆன்டிபயாடிக்கில் இருந்தால் அவர்கள்தான் ஆத்தாவின் கழிவறையிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு எது பிடிக்கிறதோ அது. காரத்தைக் கொஞ்ச நாள் குறையுங்கள். தயிர் நல்ல உணவு, ஆனால் அது வான்கோமைசினுக்கு மாற்று இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் தாராளமாகக் கொடுங்கள்.

மருந்து தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில் தடவை குறைய வேண்டும். குறைந்த பிறகும் பத்து நாளை முடிக்கவும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்புகிறது, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள். வான்கோமைசின் முளைத்த கிருமியைத்தான் கொல்லும், ஸ்போரை அல்ல, அதனால்தான் இது நடக்கிறது. அப்படித் திரும்பினால் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே பல வாரம் வான்கோமைசின் கொடுப்பது ஒரு வழி, ஃபிடாக்சோமைசின் இன்னொரு வழி. மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு, சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரின் மலத்திலிருந்து நல்ல பாக்டீரியாவை எடுத்துக் குடலில் சேர்க்கும் சிகிச்சை உண்டு. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அது வேலை செய்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஆத்தா சாப்பிடும் பேன்டோப்ரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை இனியும் தேவையா என்பது ஒன்று. அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு பார்க்கப்பட்டிருக்கிறது, காரணமில்லாமல் தொடர வேண்டியதில்லை. அப்புறம், 'சி டிஃப் வந்தவர்' என்று தேதியோடு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை சளிக்கோ பல்லுக்கோ யாராவது ஆன்டிபயாடிக் எழுதப் பேனாவை எடுக்கும்போது, அந்தச் சீட்டை முதலில் மேசையில் வையுங்கள்.