கத்தீட்டர் தொற்று: தினசரி மறுஆய்வில் எந்தக் கேள்வியைக் கேட்பது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை படிக்கிறேன். சிறுநீர்க் கத்தீட்டரால் வரும் தொற்றைப் பராமரிப்புத் தொகுப்பும் தினசரி மறுஆய்வும் எப்படித் தடுக்கின்றன என்று நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பாடத்துக்கு ஓர் ஒப்படைப்பு எழுத வேண்டும். எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. வார்டில் உண்மையில் எது பலன் தருகிறது?

பதில்:

இங்குள்ள ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் வார்டுத் தாதியாக இருந்துவிட்டு, இப்போது நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். நீங்கள் பார்த்த பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. கிருமிநீக்கிய முறையில் கத்தீட்டரைப் பொருத்துவது, தொடையில் அசையாமல் ஒட்டிவைப்பது, மூடிய வடிகால் இணைப்பைப் பிரிக்காமல் இருப்பது, பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆனால் தரையில் படாமல் தொங்கவிடுவது, ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரத்தில் பையைக் காலி செய்வது ஆகிய இவையெல்லாம் செய்யப்பட வேண்டியவையே. ஆனால் இவை கிருமி உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகின்றனவே தவிர, நிறுத்துவதில்லை. கத்தீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு வாய்ப்பில் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் கிருமிகள் ஒட்டி உருவாக்கும் உயிர்ப்படலம் படிந்தபின் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அகல்வதில்லை. ஆகவே இந்தப் பராமரிப்புத் தொகுப்பின் கடைசி வரியாக எழுதப்படும் தினசரி மறுஆய்வைத்தான் உங்கள் ஒப்படைப்பின் மையமாக வைக்கச் சொல்வேன்.

அந்த மறுஆய்வு எப்படித் தோற்கிறது என்பதற்கு, நான் கண்ட பலரின் நிலைமைகளைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 78 வயதுப் பாட்டி ஒருவர் திங்கட்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வருகிறார். வலியில் உடலை அசைக்க முடியவில்லை, மறுநாள் அறுவை சிகிச்சை என்பதால் கத்தீட்டர் பொருத்தப்படுகிறது. அப்போது அதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை முடிகிறது. புதன்கிழமை காலை இரத்த அழுத்தம் சீராக உள்ளது, பிசியோதெரபிஸ்ட் அவரை நாற்காலியில் உட்கார வைக்கிறார். கத்தீட்டருக்கான காரணம் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அன்றைய தாதிக் குறிப்பில், "கத்தீட்டர் உள்ளது, சிறுநீர் தெளிவாக வடிகிறது, தொகுப்பு பின்பற்றப்பட்டது" என்று எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி விழுகிறது. வியாழன், வெள்ளியிலும் அதே குறிப்புதான். மருத்துவர் குழு சுற்றுக்கு வரும்போது போர்வை மூடியிருக்கிறது, பை கட்டிலின் மறுபக்கம் தொங்குகிறது. ஒரு நோயாளிக்குக் கத்தீட்டர் இருப்பதே மருத்துவருக்குத் தெரியாமலிருப்பது ஆய்வுகளில் பதிவான உண்மை. சனிக்கிழமை 38.4 டிகிரி காய்ச்சல், அடிவயிற்றில் வலி. சிறுநீர் வளர்ப்பில் ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டருக்கு 100,000க்கு மேல் கிருமிகள். பொருத்திய நாளை முதல் நாளாக எண்ணினால் அது ஆறாம் நாள். கண்காணிப்பு வரையறைப்படி கத்தீட்டர் இரண்டு நாளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும், அறிகுறியும் இருக்க வேண்டும், வளர்ப்பு முடிவும் பொருந்த வேண்டும். மூன்றும் பொருந்துவதால் இது கத்தீட்டர் சார்ந்த தொற்றாகவே பதிவாகும்.

இங்கே யாரும் எந்த வேலையையும் விட்டுவிடவில்லை. கேட்ட கேள்விதான் தவறு. "கத்தீட்டர் இன்னும் தேவையா?" என்று கேட்டால், பரபரப்பான காலைப் பொழுதில் "ஆம்" என்பதே எளிய பதில். "இன்று எந்தக் காரணத்துக்காக இது இருக்கிறது?" என்று கேட்டு, ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதவைத்தால் நிலைமை மாறுகிறது. திடீர்ச் சிறுநீர்த் தேக்கம் அல்லது அடைப்பு, கடும் நோயில் சிறுநீர் அளவைத் துல்லியமாகக் கணக்கிடும் தேவை, குறிப்பிட்ட சில அறுவை சிகிச்சைகள், சிறுநீரை அடக்க முடியாதவருக்குப் புட்டப் பகுதியில் உள்ள திறந்த புண், முதுகெலும்பு முறிவு போன்றவற்றால் நீண்ட நாள் அசையக்கூடாத நிலை, இறுதிக்கால ஆறுதல் ஆகியவை அத்தகைய காரணங்கள். "வயதானவர்", "அடக்க முடியவில்லை", "குடும்பத்தார் கேட்டார்கள்" ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எதுவும் பொருந்தாதபோது, மருத்துவரின் புதிய ஆணைக்குக் காத்திராமல் தாதியே அகற்றலாம் என்று முன்கூட்டியே நெறிமுறை அனுமதித்திருக்க வேண்டும். நினைவூட்டல்களும் இத்தகைய நிறுத்த ஆணைகளும் தொற்று வீதத்தைப் பாதியளவு குறைத்ததாக 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

அகற்றியபின் நடப்பதைப் பெரும்பாலான மாணவர்கள் எழுதுவதில்லை. வார்டில் தயக்கம் பிறப்பதோ அங்கேதான். அந்தப் பாட்டி, "மிஸ்ஸி, குழாயை எடுத்துட்டா நான் எப்படிப் பாத்ரூம் போவேன்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இடுப்பில் தையலோடு தனியாக எழுந்து அவர் மீண்டும் விழுந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் தாதிக்கும் இருக்கிறது. எனவே அகற்றும் முடிவோடு சேர்த்து, பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டிலருகே கமோடு நாற்காலியில் உட்காரவைக்கும் திட்டமும் எழுதப்பட வேண்டும். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அகற்றினால், பகல் பணியாளர்கள் இருக்கும்போதே விளைவு தெரியும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், உடனே மீண்டும் பொருத்தாமல் சிறுநீர்ப்பை ஸ்கேனரால் அளவு பார்க்க வேண்டும். வார்டின் நெறிமுறை குறிக்கும் அளவைத் தாண்டினால் (பல இடங்களில் 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை) ஒருமுறை மட்டும் குழாய் செலுத்தி வடித்து, குழாயை உடனே எடுத்துவிடலாம். சிறுநீர் அளவு மட்டும் தேவைப்பட்டால் டயப்பரை எடை போட்டாலும் போதும். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. அமெரிக்காவில் 603 மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சை அல்லாத பிரிவுகளில் 1,000 கத்தீட்டர் நாள்களுக்கு 2.28 ஆக இருந்த தொற்று 1.54 ஆகக் குறைந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கத்தீட்டர் இருந்தால் அது ஒரு கத்தீட்டர் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளக்கும் பழக்கமே ஏற்கத்தக்க காரணமாகிவிடுகிறது என்பது என் கணிப்பு.

விளைவை அளக்கும்போது ஒரு பொறியில் விழாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்: 30 படுக்கை வார்டில் 90 நாளில் 2,700 நோயாளி நாள்கள், 900 கத்தீட்டர் நாள்கள், 3 தொற்றுகள் என்றால், 1,000 கத்தீட்டர் நாள்களுக்கு 3.3. மறுஆய்வு தொடங்கியபின் கத்தீட்டர் நாள்கள் 450 ஆகவும் தொற்று 2 ஆகவும் குறைந்தால், அதே வீதம் 4.4 ஆக உயர்கிறது! தேவையற்ற கத்தீட்டர்கள் போய், உண்மையில் தேவைப்படும், ஆபத்து அதிகமான நோயாளிகள் மட்டும் கணக்கில் எஞ்சுவதால் வகுக்கும் எண் சுருங்கிவிட்டது. 10,000 நோயாளி நாள்களுக்கு எனக் கணக்கிட்டால் 11.1 இலிருந்து 7.4 ஆகக் குறைந்திருப்பது தெரியும். இரண்டு வீதங்களையும், கத்தீட்டர் பயன்பாட்டு விகிதம் 0.33 இலிருந்து 0.17 ஆனதையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். உங்கள் விரிவுரையாளர் முதலில் கேட்கப்போவது அந்த 4.4 பற்றித்தான்.