தங்கம் விலைவாசியிடம் தோற்ற 20 ஆண்டுகள்

“எங்கள் மகளுக்கு 4 வயது. மாதம் 10,000 ரூபாய் நகைச் சீட்டில் கட்டி வருகிறோம். தங்கம் என்றைக்கும் விலைவாசிக்கு மேலேதான் நிற்கும், பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் இது ஒன்றே போதும் என்கிறார் என் மாமியார். அது உண்மையா? வேறு எதிலாவது போட வேண்டுமா?” – ஒரு வாசகி, மதுரை

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. 40, 50 ஆண்டுகள் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தங்கம் விலைவாசியைத் தாண்டித்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 40 ஆண்டு காத்திருக்க முடியாது. உங்களுக்கு இருப்பது 14 ஆண்டு. அந்த அளவுள்ள காலங்களை எடுத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

1981-ல் நம் நாட்டில் 10 கிராம் தூய தங்கத்தின் விலை 1,700 முதல் 1,800 ரூபாய். 2001-ல் அது சுமார் 4,300 ரூபாய். 20 ஆண்டில் இரண்டரை மடங்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே 20 ஆண்டில் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் ஏறக்குறைய 5 மடங்காகிவிட்டது. அரிசி, பருப்பு, வாடகை, துணி என்று ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களின் விலையைச் சேர்த்துப் பார்க்கும் எண் அது. அதாவது, 1981-ல் 10 கிராம் தங்கத்தை விற்று ஒரு வண்டி மளிகை வாங்க முடிந்தது என்றால், 2001-ல் அதே தங்கம் அரை வண்டி மளிகையைத்தான் வாங்கிக் கொடுத்தது. 1981-ல் மகள் பிறந்த மகிழ்ச்சியில் தங்கம் வாங்கி, அவள் படிப்புக்காக 2001-ல் விற்ற ஒரு குடும்பம் உண்மையில் பாதிச் சேமிப்பை இழந்தது. கையில் வந்த ரூபாய் கூடியிருந்ததால் அந்த இழப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை.

அந்த இரண்டரை மடங்கும் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உலகச் சந்தையில் 1981-ல் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் சராசரி விலை 460 டாலர். 2001-ல் அது 271 டாலர். டாலரில் தங்கம் ஏறவே இல்லை, 40 சதவீதம் இறங்கியிருந்தது. ஆனால் 9 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், 47 ரூபாய் ஆகிவிட்டது. ஆக, அந்த 20 ஆண்டில் நம்மை ஓரளவுக்குத் தாங்கிப் பிடித்தது தங்கத்தின் பலம் இல்லை, ரூபாயின் சரிவு. தங்கம் விலைவாசியிலிருந்து காக்கும் என்று நாம் நம்புவதில் பெரும் பங்கு, ரூபாய் விழும்போது டாலரில் விலை பேசப்படும் ஒரு பொருள் நம் கையில் இருக்கிறது என்பதே. அந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் டாலரிலேயே தங்கம் விழும் காலத்தில் அது போதாது.

டாலரில் ஏன் விழுந்தது? 1971 ஆகஸ்டு வரை ஒரு அவுன்ஸ் 35 டாலர் என்று அமெரிக்க அரசு கட்டி வைத்திருந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும், எழுபதுகளின் பணவீக்க அச்சமும் சேர்ந்து, 1980 ஜனவரியில் விலை 850 டாலருக்குப் போனது. அந்தப் பணவீக்கத்தை அடக்குவதற்காக அமெரிக்க மைய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் வட்டி விகிதத்தை 20 சதவீதம் வரை உயர விட்டார். தங்கம் வட்டி தராது, பீரோவில் சும்மா இருக்கும். வங்கியில் போட்ட பணம் விலைவாசியைத் தாண்டிச் சம்பாதிக்கும்போது, சும்மா இருக்கும் பொருளை யாரும் தேட மாட்டார்கள். அடுத்த 20 ஆண்டும் அமெரிக்காவில் விலைவாசி ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மெதுவாக. தங்கம் இறங்கிக்கொண்டே வந்து 1999-ல் 252 டாலரைத் தொட்டது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1980 ஜனவரியின் அந்த உச்சத்தைத் தங்கம் மீண்டும் தாண்டியது 2025-ல்தான். 45 ஆண்டு!

மக்கள் பயப்படும்போது தங்கம் ஏறுகிறது. நாணயம் என்ன ஆகுமோ, போர் வருமோ, வங்கி நிற்குமோ என்ற பயம். ஆண்டுக்கு 5 சதவீதம் என்று சத்தமில்லாமல் அரிக்கும் விலைவாசியை அது பல சமயம் கண்டுகொள்வதே இல்லை. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம் ஆனது. 40 ஆண்டில் காணாத அளவு. தங்கத்துக்கு இதைவிட நல்ல காலம் வேறென்ன வேண்டும்? ஆனால் மைய வங்கி வட்டியை விறுவிறுவென ஏற்றியதால், அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் தங்கம் 1,630 டாலர் அளவுக்கு இறங்கியது. 2020 ஆகஸ்டில் இருந்த விலையைவிட இது 400 டாலருக்கு மேல் குறைவு.

நம் ஊரிலும் இதே கதைதான், சிறிய அளவில். 1996-ல் 10 கிராம் சுமார் 5,160 ரூபாய். ஐந்து ஆண்டு கழித்து, நான் மேலே சொன்ன 4,300 ரூபாய். ரூபாய்க் கணக்கிலேயே இறக்கம். 1996-ல் 5,160 ரூபாய்க்குக் கிடைத்த வீட்டுச் சாமான்களுக்கு 2001-ல் சுமார் 7,000 ரூபாய் தேவைப்பட்டது. அதே சமயம் அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கிக் கொடுத்தது. 5,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியவர் கையில் 10,000 ரூபாய். தங்கம் வாங்கியவர் கையில், போட்டதைவிடக் குறைவு. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் நீக்கப்பட்டு, இறக்குமதி படிப்படியாகத் திறந்துவிடப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். கடத்தல் காலத்தில் உலக விலைக்கு மேல் நாம் கொடுத்துவந்த கூடுதல் தொகை கரைந்துபோயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு முறை நடந்தது. 2012-ன் சராசரி 31,000 ரூபாய், 2018-ன் சராசரி 31,400 ரூபாய். ஆறு ஆண்டு அசையவே இல்லை. விலைவாசி அதற்குள் சுமார் 40 சதவீதம் ஏறிவிட்டது. இத்தனைக்கும் இறக்குமதி வரியை 2013 ஆகஸ்டில் 10 சதவீதமாக்கினார்கள், டாலரும் 53 ரூபாயிலிருந்து 68 ரூபாய்க்குப் போனது. இரண்டு முட்டுக் கொடுத்தும் விலை அதே இடத்தில் நின்றது.

பிறகு எப்படி எல்லோரும் தங்கம் தோற்காது என்கிறார்கள்? ஒப்பிடத் தொடங்கும் ஆண்டைப் பொறுத்தது அது. “1970-ல் 184 ரூபாய், இன்று பாருங்கள்” என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். 1970-ல் தங்கத்தின் உலக விலை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்தது ஒரே ஒரு முறை நடந்த நிகழ்வு, உங்கள் மகளின் காலத்தில் அது திரும்ப நடக்காது. 2001-ல் தொடங்கும் வரைபடமும் அப்படித்தான், 20 ஆண்டுச் சரிவின் அடியிலிருந்து அளக்கிறது. இந்த வகைக் கணக்கைக் காட்டி நடுத்தரக் குடும்பங்களின் மொத்தச் சேமிப்பையும் நகையாக மாற்ற வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1981-ல் தொடங்கி 2024 வரை பார்த்தால், விலைவாசி 20 மடங்குக்குச் சற்று மேல், தங்கம் 40 மடங்குக்கு மேல். நீண்ட காலத்தில் தங்கம் வென்றிருக்கிறது. ஆனால் அந்த வெற்றி முழுக்க 2001-க்குப் பிறகு வந்தது. 2025 அக்டோபரில் உலக விலை 4,000 டாலரையும் தாண்டியது. நாளை விலை என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று வாங்குபவர் நிற்கும் இடம், 2001-ல் வாங்கியவர் நின்ற பள்ளம் இல்லை.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் தூய தங்கத்துக்கு. சீட்டு முடிந்ததும் கடையில் உங்களுக்கு நகையாகக் கொடுப்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள தங்கத்துக்குச் சேதாரமும் செய்கூலியும் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். நீங்கள் கொடுப்பது 1,15,360 ரூபாய். மறுநாளே விற்றால், கடைக்காரர் 2 சதவீதம் கழித்தாலும் 98,000 ரூபாய்தான் வரும். தங்கம் சுமார் 18 சதவீதம் ஏறிய பிறகுதான் உங்கள் முதல் உங்களுக்குத் திரும்பும். விலைவாசியை வெல்வது அதற்கப்புறம். கல் வைத்த நகை என்றால் நிலைமை இன்னும் மோசம். சில சீட்டுகளில் சேதாரத்தில் தள்ளுபடி உண்டு. எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் இரண்டு தேவைகளையும் நான் தனித்தனியாகத்தான் பார்ப்பேன். கல்யாணத்துக்கு இத்தனை சவரன் போடுவோம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அந்தத் தேவை சவரனில் அளக்கப்படுகிறது. அதற்குத் தங்கம் சேர்ப்பது சரியான வழி. விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கையில் இருப்பது அதே சவரன்தான். ஆனால் நகையாகச் சேர்க்க வேண்டாம். இப்போது வாங்கும் வடிவம் 20 ஆண்டு கழித்து அவளுக்குப் பிடிக்காமல் போனால், அழித்துச் செய்ய மறுபடியும் சேதாரம் கொடுப்பீர்கள். நாணயமாகவோ, பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் தங்க நிதியான இடிஎஃப் ஆகவோ சேர்த்து, தேவைப்படும்போது நகையாக்குங்கள்.

படிப்புச் செலவு ரூபாயில், குறிப்பிட்ட ஒரு ஜூன் மாதத்தில் வரும். அந்த மாதம் தங்கம் 2001 போலவோ 2015 போலவோ இருக்கலாம். மாதாமாதம் வாங்குவதால், வாங்கும் விலை சராசரியாகி அந்த ஆபத்து ஓரளவு குறைகிறது. ஆனால் விற்கும் நாள் ஒன்றுதான், அதைச் சராசரியாக்க முடியாது. மகளுக்கு 10 வயது ஆகவில்லை என்பதால் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவிக்கும். 18 வயதில் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். என் கணக்கில், மாதம் 10,000 ரூபாயில் 5,000 அதற்கு, 3,000 பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களில் பணம் போடும் ஒரு குறியீட்டு நிதிக்கு, 2,000 தங்கத்துக்கு. பங்குக்கும் நீண்ட வறட்சிக் காலங்கள் உண்டு. அதனால் மகள் 10-ம் வகுப்புக்கு வந்ததும், அந்த நிதியில் உள்ளதை ஆண்டுக்குக் கொஞ்சமாக வங்கி வைப்புக்கு மாற்றிவிடுங்கள். படிப்புக்குப் போதாமல் போனால் தங்கத்தில் கை வைக்கலாம் என்று எண்ணியிருந்தால், அதிலும் அப்படியே செய்யுங்கள். நடக்கும் சீட்டை நடுவில் நிறுத்தினால் சலுகை போய்விடும். முதிரும் வரை கட்டுங்கள், முதிர்ந்ததும் குறைந்த சேதாரமுள்ள, கல் இல்லாத உருப்படியாகப் பார்த்து எடுங்கள்.